ரொட்டேஷன் பணம் எது, மிச்சப் பணம் எது? பனியன் கம்பெனிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தீபாவளி வசூல் வந்து பேங்கில் 46 லட்சம் நிற்கிறது. இதில் எவ்வளவை எடுத்து முதலீடு பண்ணலாம்?

திருப்பூரில் சின்ன யூனிட்டுகளுக்குப் பல வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். கார்த்திகை மாதம் பிறந்தால் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். இந்த 46 லட்சம் ஒரு நிஜக் கணக்கை ஒட்டியது. மாமனும் மச்சானும் பார்ட்னர்களாக நடத்தும், உள்நாட்டுக்கு டி-ஷர்ட் தைக்கும் கம்பெனி, மாதம் சராசரியாக 20 லட்சம் விற்பனை. அடையாளம் தெரியாமல் இருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 46 லட்சத்தில் அவர்களுடைய உண்மையான மிச்சம் 7 லட்சம்தான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில், பேங்கில் இருந்தாலும் நம்முடையது இல்லாத பணத்தைக் கழிக்க வேண்டும். நூலுக்குத் தர வேண்டியது எட்டரை லட்சம். நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங் ஜாப் வொர்க் பில்கள் 5 லட்சம். அடுத்த ஆர்டருக்கு ஒரு பார்ட்டி கொடுத்த அட்வான்ஸ் 3 லட்சம். சரக்கு போகிறவரை அது பார்ட்டியின் பணம்தான். ஜி.எஸ்.டி., பி.எஃப்., இ.எஸ்.ஐ., டி.டி.எஸ். எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம். டிசம்பர் 15-ம் தேதி கட்ட வேண்டிய அட்வான்ஸ் டாக்ஸ் 2 லட்சம். மொத்தம் 20 லட்சம் போய்விட்டது, மீதி 26.

இந்த 26-ஐப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். சீசன் வரும்போது இது எவ்வளவு தூரம் இறங்கும் என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து, ஒவ்வொரு மாதக் கடைசிச் சனிக்கிழமையும் சம்பளம் போட்ட பிறகு எவ்வளவு மிச்சம் இருந்தது என்று ஒரு பேப்பரில் எழுதச் சொன்னேன். அன்றைக்குத் தர வேண்டியிருந்த பாக்கிகளை அதிலிருந்தும் கழித்துத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருஷத்து 26-ஓடு அதை ஒப்பிட முடியாது. அவர்களுக்கு ஜூனில் இறங்க ஆரம்பித்து, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அடிமட்டத்துக்குப் போயிருந்தது, அன்றைக்குத்தான் போனஸும் செட்டில் ஆகிறது. உச்சியிலிருந்து அடிமட்டம் வரை ஒரு வருஷம் 11 லட்சம் இறங்கியது, அடுத்த வருஷம் 13 லட்சம். பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும்: 13.

அதற்கு மேல் இரண்டு கெட்ட விஷயங்களுக்கு இடம் விட வேண்டும். சீசனில் 10 டன் நூல் வாங்குகிறார்கள். கிலோவுக்கு 30 ரூபாய் ஏறினால் 3 லட்சம் கூடுதலாகத் தேவை. 2021 நவம்பரில் மில்கள் ஒரே தடவையில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏற்றியது ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இந்த 30 பெரிதாகத் தெரியாது. இன்னொன்று, பெரிய பார்ட்டி ஒருவர் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் இன்னொரு 3 லட்சம். ஆக 13, 3, 3, மொத்தம் 19. இருபத்தாறில் பத்தொன்பது போனால் 7.

சரக்கிலும் பார்ட்டியிடமும் ஏற்கனவே 40 லட்சம் ரொட்டேஷனில் இருக்கிறது. அதையும் கழிக்க வேண்டாமா?

வேண்டாம். நூல் வாங்கியது முதல் பார்ட்டி பணம் தருகிறவரை ஏறக்குறைய நூறு நாள் ஆகிறது, நமக்கு நூல்காரர் தரும் கடன் 30 நாள். இடையில் இருக்கும் எழுபது நாளுக்கான பணம் ஏற்கனவே துணியாகவும் பில்லாகவும் வெளியே நிற்கிறது, அது பேங்க் பேலன்ஸுக்குள் இல்லவே இல்லை. நாம் பார்ப்பது, அந்த வெளியே நிற்கும் தொகை சீசனில் வீங்கும்போது பேங்கிலிருந்து இன்னும் எவ்வளவு உறிஞ்சும் என்பதை. அதைத்தான் உச்சி, அடிமட்டக் கணக்கு காட்டுகிறது. புத்தகத்தில் இருக்கும் நடைமுறை மூலதனச் சூத்திரம் தப்பில்லை, ஆனால் அது வருஷக் கடைசி பேலன்ஸ் ஷீட்டை வைத்துப் போடுவது. மார்ச் 31-ம் தேதி உங்கள் கம்பெனி எப்படி இருந்தது என்பதும், செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை எப்படித் திணறியது என்பதும் வேறு வேறு.

ஒரு எச்சரிக்கை. வியாபாரத்தைப் பெரிதாக்குகிறீர்கள் என்றால் பழைய ஸ்டேட்மெண்ட் பொய் சொல்லும். மாதம் 20 லட்சம் விற்றவர் 30 லட்சத்துக்குப் போனால் அந்தப் பள்ளமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆழமாகும், 13 லட்சம் 20 லட்சத்தை நெருங்கும். வியாபாரம் வளரும் வருஷத்தில் பெரும்பாலும் மிச்சம் என்றே ஒன்று இருக்காது, லாபம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

சி.சி. என்கிற கேஷ் கிரெடிட் கடனில் 15 லட்சம் எடுத்திருக்கிறேன், எஃப்.டி.யில் 10 லட்சம் போட்டிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. சி.சி.க்குப் பத்தரை சதவீதம் கட்டுகிறீர்கள், எஃப்.டி.யில் ஆறரை வருகிறது என்று வைத்துக்கொண்டால், 10 லட்சத்துக்கு வருஷம் 40,000 ரூபாய் கையிலிருந்து போகிறது. சி.சி.யில் வட்டி அன்றாடம் எடுத்திருக்கும் தொகைக்குத்தான். இன்றைக்குப் போட்டால் இன்றிலிருந்தே வட்டி நிற்கும், வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பத்தரை சதவீதத்தை ரிஸ்க் இல்லாமல் தரும் வேறு எந்த இடமும் எனக்குத் தெரியாது. சி.சி. பாக்கி இருக்கிறவரை மிச்சப் பணத்துக்கு முதல் இடம் சி.சி. கணக்குதான்.

மெஷின் வாங்கிய டேர்ம் லோன் அப்படி இல்லை. அதில் முன்கூட்டியே கட்டினால் பணம் போனது போனதுதான், ஜூலையில் நூலுக்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்க முடியாது. அதனால் அந்த 19 லட்சத்திலிருந்து டேர்ம் லோனை அடைக்காதீர்கள். 7 லட்சத்திலிருந்து அடைப்பது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம்.

அப்படியென்றால் சி.சி. லிமிட் 20 லட்சம் சும்மா இருக்கும்போது 19 லட்சத்தை எதற்குத் தனியாக வைக்க வேண்டும்? அவசரத்துக்கு சி.சி.யில் எடுத்துக்கொள்ளலாமே?

நியாயமான கேள்விதான். ஆனால் லிமிட் 20 லட்சம் என்று இருந்தாலும் எடுக்க முடிவது டிராயிங் பவர் அளவுக்குத்தான், அது மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டைப் பொறுத்தது. பொதுவாக ஸ்டாக்கையும் வர வேண்டிய பில்களையும் கூட்டி, தர வேண்டியதைக் கழித்து, அதில் கால் பங்கை மார்ஜினாக விட்டுவிடுவார்கள். ஸ்டாக் 12 லட்சம், வர வேண்டியது 18, தர வேண்டியது 6 என்றால் 24 லட்சம் வருகிறது, அதில் முக்கால் பங்கு 18 லட்சம். நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது வியாபாரம் மந்தமாகிறது என்று வையுங்கள். ஸ்டாக் 8-ஆகக் குறைகிறது. ஒரு பார்ட்டியின் 6 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டது, அதைப் பெரும்பாலான பேங்குகள் கணக்கில் எடுப்பதில்லை. அப்போது 8-ம் 12-ம் சேர்ந்து 20, அதில் 6 போனால் 14, முக்கால் பங்கு பத்தரை லட்சம். பார்ட்டி இழுத்தடிப்பதால்தான் உங்களுக்குப் பணம் தேவைப்படுகிறது, அதே காரணத்தால்தான் பேங்க் கொடுக்கும் தொகையும் ஏழரை லட்சம் இறங்குகிறது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியை நம்பியிருந்த யூனிட்டுகளுக்கு இந்தப் பயம்தான் முதலில் வந்தது. சி.சி.யை இரண்டாவது கதவாக வையுங்கள், முதல் கதவு உங்கள் சொந்தப் பணமாக இருக்கட்டும்.

சரி, அந்த 19 லட்சத்தைக் கரண்ட் அக்கவுண்டிலேயே விட்டுவிடவா? அதில் வட்டி இல்லையே.

கரண்ட் அக்கவுண்டில் விட வேண்டாம். ஆனால் அதைப் பெருக்கப் பார்க்கவும் வேண்டாம். அது திரும்பி வர வேண்டிய தேதி நமக்கே தெரியும், அந்தத் தேதிக்கு வந்தால் போதும். மாமன், மச்சான் கம்பெனிக்கு நாங்கள் செய்தது இது: சீசனில் வழக்கமாக இறங்கும் 13 லட்சத்தை நான்கு எஃப்.டி.யாகப் பிரித்தோம். 3 லட்சம் ஜூன் முதல் வாரம் முதிர்கிறது, 4 லட்சம் ஜூலையில், 3 லட்சம் ஆகஸ்டில், 3 லட்சம் செப்டம்பரில். நூல் வாங்கும் வரிசையை ஒட்டியே தேதி வைத்தோம். மீதி 6 லட்சம், எப்போது வேண்டியிருக்கும் என்று தெரியாதது, அதை லிக்விட் ஃபண்டில் வைத்தோம்.

ஒரே எஃப்.டி.யாக 13 லட்சம் போட்டிருந்தால், ஜூனில் 3 லட்சத்துக்காக மொத்தத்தையும் உடைக்க வேண்டியிருக்கும். உடைத்தால் பல பேங்குகளில் அரை முதல் ஒரு சதவீதம் வட்டியில் பிடிப்பார்கள், அதுவும் முதலில் ஒப்புக்கொண்ட வட்டியில் இல்லை, பணம் இருந்த நாட்களுக்கான வட்டியில். பத்து நாள் மட்டும் பணம் வேண்டும் என்றால் உடைக்கவே வேண்டாம், அந்த எஃப்.டி. மேலேயே ஓ.டி. கேளுங்கள், எஃப்.டி. வட்டிக்கு மேல் ஒன்று இரண்டு சதவீதம்தான் வரும், அதுவும் பத்து நாளுக்கு மட்டும்.

கூடுதல் பணத்தைத் தானாகவே எஃப்.டி.யாக மாற்றும் ஆட்டோ ஸ்வீப் வசதி இருக்கும் கரண்ட் அக்கவுண்ட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். உடையும்போது கடைசியாகப் போட்டது முதலில் உடைகிறதா, எத்தனை ஆயிரமாக உடைகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லிக்விட் ஃபண்ட் என்கிறார்களே, அதில் பணம் போய்விடாதா?

அதன் வேலை எளிமையானது. 91 நாளுக்குள் முதிரும் கடன் பத்திரங்களில் மட்டும்தான் போட வேண்டும் என்று செபி விதி இருக்கிறது. அரசின் டிரெஷரி பில், பேங்குகளின் டெபாசிட் சர்டிஃபிகேட், பெரிய கம்பெனிகளின் கமர்ஷியல் பேப்பர் மாதிரியானவை. மதிப்பு நாளுக்கு நாள் மெதுவாக ஏறும். ஏழு நாளுக்குள் எடுத்தால் மிகச் சின்ன வெளியேற்றக் கட்டணம் உண்டு, அதற்கப்புறம் இல்லை.

நஷ்டமே வராது என்று சொல்ல மாட்டேன். 2018 செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற பெரிய ஃபைனான்ஸ் கம்பெனி கடனைத் திருப்பிக் கட்டாமல் போனபோது அதன் பத்திரங்களை வைத்திருந்த சில லிக்விட் ஃபண்டுகளே அடி வாங்கின. 2020 ஏப்ரல் 23-ம் தேதி ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. அவை லிக்விட் ஃபண்டுகள் இல்லை, ஆனால் அதில் ஒன்றின் பெயரில் அல்ட்ரா ஷார்ட் என்ற வார்த்தை இருந்தது, குறுகிய காலத்துக்கு என்று நம்பிப் போட்டவர்களும் நிறையப் பேர். பணம் பிற்பாடு தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் அந்த ஏப்ரலில் ஊரடங்கில் யூனிட் மூடிக் கிடந்த ஒருவருக்கு "பிற்பாடு" என்பது எந்தப் பயனும் இல்லாத சொல். அதனால் நான் சொல்வது: ரொட்டேஷனுக்கு வேண்டிய பணத்துக்கு லிக்விட், இல்லாவிட்டால் அதையும்விடப் பாதுகாப்பான ஓவர்நைட் ஃபண்ட், அவ்வளவுதான். மற்ற லிக்விட் ஃபண்டுகளைவிட அரை சதவீதம் அதிகம் தருகிற ஒன்றைக் கண்டால், மாதாமாதம் அவர்கள் வெளியிடும் பட்டியலில் எந்தக் கம்பெனியின் பேப்பரை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த அரை சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

நமக்கு முக்கியமான இன்னொன்று: சனிக்கிழமை சம்பளம். மதியம் 3 மணிக்குள் விண்ணப்பம் போட்டால் அடுத்த வேலை நாளில் பணம் வரும். வெள்ளிக்கிழமை போட்டால் திங்கட்கிழமைதான். சனிக்கிழமை கூலிக்கு வேண்டும் என்றால் வியாழக்கிழமை மதியத்துக்குள் போட்டுவிட வேண்டும், நான் புதன்கிழமையே போடச் சொல்கிறேன். உடனடியாக 50,000 ரூபாய் வரை எடுக்கலாம் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள், அது தனிநபர் கணக்குக்கு மட்டும், பார்ட்னர்ஷிப் பெயரில் இருக்கும் கணக்குக்குக் கிடையாது.

எஃப்.டி.யா லிக்விட் ஃபண்டா, எதில் வரி குறைவு?

2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய லிக்விட் ஃபண்டின் லாபத்துக்கு எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் சாதாரண வருமான வரிதான், எஃப்.டி. வட்டிக்கும் அதேதான். பார்ட்னர்ஷிப் என்றால் செஸ்ஸோடு 31.2 சதவீதம். ஆறரை சதவீதம் வந்தால் கையில் நிற்பது நான்கரை. எஃப்.டி. வட்டிக்கு வருஷா வருஷம் வரி, ஃபண்டில் எடுக்கும்போது மட்டும் வரி. ஒரு வருஷத்துக்குள் எடுக்கப்போகும் பணத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதாக ஒன்றும் செய்யாது.

நூலுக்கும் ஜாப் வொர்க்குக்கும் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்து, அதுவரை அந்தப் பணத்தை ஃபண்டில் ஓட்டலாமா?

இதை நேராகவே சொல்கிறேன், செய்யாதீர்கள். சாயப்பட்டறைக்காரர், பிரிண்டிங்காரர் எல்லாம் நம்மைப் போலவே சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவர்கள். உத்யம் பதிவு இருக்கும் குறு, சிறு உற்பத்தியாளருக்கோ ஜாப் வொர்க் செய்பவருக்கோ எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டி மார்ச் 31-ம் தேதி பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் வருமான வரிக்குக் கழிக்க முடியாது, கொடுக்கும் வருஷத்தில்தான் கழிக்கலாம். 5 லட்சம் பாக்கி நின்றால் பார்ட்னர்ஷிப்புக்கு அந்த வருஷம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கூடுதல் வரி. ஃபண்டில் ஒரு மாதம் ஓட்டிச் சம்பாதிப்பது 2,500 ரூபாய்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் நூல் கடையில், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். 30 நாள் முன்னால் கொடுத்தால் 2 சதவீதம் குறைக்கிறேன் என்று அவர் சொன்னால், 5 லட்சத்துக்கு 10,000 ரூபாய். அதே 5 லட்சம் எஃப்.டி.யில் முப்பது நாள் இருந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு, அதற்கு மேல் கொஞ்சம். சீசனுக்கு ஒதுக்கி வைத்த பணத்துக்கு இதைவிட நல்ல வேலை நான் பார்த்ததில்லை. எத்தனையோ பேர் இதைக் கேட்பதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மீதி 7 லட்சத்தை ஷேர் மார்க்கெட்டில் போடலாமா?

போடலாம், அந்த 7 லட்சம் மட்டும். அதுவும் அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் மெஷின் வாங்கவோ ஷெட் போடவோ திட்டம் இல்லையென்றால். மாமனும் மச்சானும் அடுத்த வருஷம் இரண்டு ஓவர்லாக் மெஷினும் ஒரு ஃபிளாட்லாக்கும் மாற்ற வேண்டியிருந்தது, அதற்கு 2 லட்சத்தை எஃப்.டி.யில் எடுத்து வைத்துவிட்டு மீதி 5 லட்சத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துப் போட்டார்கள்.

நான் இதில் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், 2020-ஐ மறக்க முடியாது. ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23-ம் தேதி 7,610-க்கு வந்தது. அடுத்த இரண்டு நாளில் ஊரே மூடிவிட்டது. ஆர்டர் கேன்சல், பார்ட்டி போன் எடுக்கவில்லை, வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போகப் பணம் கேட்டு நிற்கிறார்கள். அன்றைக்கு ஷேரில் 10 லட்சம் வைத்திருந்தவர் கையில் 6 லட்சம் சொச்சம்தான். சம்பளக்காரருக்கு மார்க்கெட் விழுந்தால் மார்க்கெட் மட்டும்தான் விழும், வேலை பெரும்பாலும் நிற்கும். நமக்கு இரண்டும் ஒரே வாரத்தில் விழும். அதனால் ஷேரில் நாம் போடுவது சம்பளக்காரரைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

தெரிந்தவர் ஃபைனான்ஸ் நடத்துகிறார், ஒன்றரை வட்டி தருகிறேன் என்கிறார். சீட்டும் இருக்கிறது.

மாதம் ஒன்றரை என்றால் வருஷத்துக்கு 18 சதவீதம். அவர் அதை யாருக்கு, எத்தனை வட்டிக்குக் கொடுத்தால் உங்களுக்கு 18 தர முடியும் என்று யோசியுங்கள். அவரிடம் கடன் வாங்குகிறவர்களும் இதே ஊர் யூனிட்டுகள்தான், ஊர் திணறும்போது எல்லோரும் சேர்ந்தே திணறுவார்கள், நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாரமும் அதுவாகத்தான் இருக்கும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் போட்டுப் பணத்தை இழந்தவர்கள் பலர் இப்படித்தான், தெரிந்தவர் சொன்னார் என்று நம்பினார்கள். இன்னொன்று, ரொக்கமாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடன் வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் வருமான வரிச் சட்டத்தில் தடை, அபராதம் அந்தத் தொகை அளவுக்கே வரலாம்.

பதிவு செய்த சீட்டைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் சீட்டுப் பணம் நமக்கு வேண்டிய மாதத்தில் வர வேண்டுமானால் தள்ளி எடுக்க வேண்டும், அன்றைக்குப் போட்டி இருந்தால் நிறையத் தள்ள வேண்டும். தேதி நம் கையில் இல்லாத பணம் ரொட்டேஷனுக்கு ஆகாது. மாதத் தவணையை 7 லட்சத்திலிருந்து கட்ட முடிந்தால் சீட்டு போடுங்கள்.

முதலீட்டைக் கம்பெனி பேரில் வைப்பதா, என் பேரில் எடுத்துக்கொள்வதா?

சொந்த புரொப்ரைட்டர் என்றால் சட்டப்படி நீங்களும் கம்பெனியும் ஒரே ஆள், வரியும் ஒன்றுதான். இருந்தாலும் வேறு பேங்கில் ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் திறந்து, மிச்சப் பணத்தை அங்கே கொண்டுபோய் அங்கிருந்து முதலீடு பண்ணுங்கள். செக் புக் அலுவலகத்தில் இருக்க வேண்டாம். வேறு பேங்க் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம், டெபாசிட் காப்பீடு ஒரு பேங்கில் ஒருவருக்கு 5 லட்சம்தான், புரொப்ரைட்டர் பெயரில் இருக்கும் கரண்ட் அக்கவுண்டையும் சொந்த எஃப்.டி.யையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். சின்ன கூட்டுறவு பேங்கில் கூடுதல் வட்டிக்காகப் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பார்ட்னர்ஷிப்பின் டெபாசிட் பார்ட்னருடைய சொந்த டெபாசிட்டோடு சேராது, அதற்குத் தனியாக 5 லட்சம்.

பார்ட்னர்ஷிப்பில் 19 லட்சம் கண்டிப்பாகக் கம்பெனி பேரில்தான் இருக்க வேண்டும். 7 லட்சத்தைப் பார்ட்னர்கள் பிரித்து எடுத்துக்கொள்ளலாம், கம்பெனி வரி கட்டிய லாபத்துக்குத் திரும்ப வரி இல்லை. ஆனால் எடுக்கும் முன் இரண்டு விஷயம். சி.சி. பாக்கி இருக்கும்போது பெரிய தொகையை எடுத்துச் சொந்தப் பேரில் இடம் வாங்கினால், கடன் வாங்கிய பணத்தைத் தொழிலுக்கு வெளியே கொண்டுபோனதாகச் சொல்லி, அந்த அளவுக்கான வட்டிச் செலவை வருமான வரியில் ஏற்காமல் விடலாம், பேங்கும் ரினியூவலில் கேள்வி கேட்கும். இரண்டாவது, எடுக்கிற ஒவ்வொரு லட்சமும் பேலன்ஸ் ஷீட்டில் மூலதனத்தைக் குறைக்கிறது, அதை வைத்துத்தான் அடுத்த வருஷ லிமிட் முடிவாகிறது. லிமிட் கூட்டக் கேட்கப்போகும் வருஷம் என்றால் பணத்தைக் கம்பெனியிலேயே வையுங்கள்.

பிரைவேட் லிமிடெட் என்றால் கதை வேறு. டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் கையில் மறுபடியும் வரி, கடனாக எடுத்தால் பல சமயம் அதையும் டிவிடெண்டாகவே பார்ப்பார்கள். போர்டு தீர்மானம் போட்டுக் கம்பெனி பேரிலேயே முதலீடு செய்வதுதான் பெரும்பாலும் எளிது. ஆடிட்டரிடம் கேட்காமல் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

இடம் வாங்கிப் போடுவதுதானே நம் ஊர் வழக்கம்?

வழக்கம்தான், நிறையப் பேர் அதில் நன்றாகவும் இருக்கிறார்கள். சிக்கல் வருவது கிரய அட்வான்ஸில். 2021-ல் எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்காரர் தீபாவளி வசூலில் 12 லட்சத்தை ஒரு சைட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார், மீதியை ஆறு மாதத்தில் தருவதாக அக்ரிமெண்ட். நூல் விலை ஏறிக்கொண்டே போனது, 2022 கோடையில் நூல் வாங்கப் பணமில்லை, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் அக்ரிமெண்டை மீறியது அவர்தான் என்றாகிவிடும். இரண்டு வட்டிக்கு வெளியே வாங்கி நூல் எடுத்தார், அந்த சீசன் லாபம் முழுக்க வட்டிக்கே போனது. சைட் விலை ஏறியது என்பது உண்மை. ஆனால் ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருந்த ஆர்டரை அவர் விட்டுவிட்டார், அந்தப் பார்ட்டி திரும்ப வரவில்லை.

நான் பிரித்தது தப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜூலைக்கு முன்னாலேயே லிக்விட் ஃபண்டில் கைவைத்தீர்களா என்று பாருங்கள். வைத்திருந்தால் ஒன்று, ஒரு பார்ட்டி இழுக்கிறார், அவருடைய பில்களைத் தேதி வாரியாக எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் வியாபாரம் நீங்கள் நினைத்ததைவிட வேகமாக வளர்கிறது. முதலாவதற்கு வசூல்தான் மருந்து, இரண்டாவதற்கு 7 லட்சத்திலிருந்து எடுத்து 19-ல் சேர்க்க வேண்டும். வருஷத்தில் இரண்டு தடவை 7 லட்சத்தைத் தொட நேர்ந்தால் அது மிச்சமே இல்லை, ரொட்டேஷன் பணத்துக்கு நீங்கள் வேறு பெயர் வைத்திருக்கிறீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, போனஸ் எல்லாம் கொடுத்து முடித்த பிறகும் லிக்விட் ஃபண்டில் வைத்த 6 லட்சமும் தொடாமல் அப்படியே இருந்து, அடுத்த வருஷமும் அதேபோல் இருந்தால், அதில் 2, 3 லட்சத்தை மிச்சத்துக்கு மாற்றலாம். ஒரு வருஷத்தை வைத்து மாற்றாதீர்கள். வசூல் வந்து முடிந்த ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, புது ஸ்டேட்மெண்டை வைத்து அந்தப் பேப்பரை மறுபடியும் முதலிலிருந்து எழுதுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும்.